கு.க. ஆபரேஷன்: கையெழுத்து வாங்கும் படிவத்தில் என்ன இருக்கு? கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்லலாமா?

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையாக இருக்கட்டும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கட்டும், பிரசவ வார்டில் இரண்டாவது குழந்தை பிறந்த பெண்ணிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "கு.க. பண்ணிக்கிறீங்களா?" குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையைத்தான் எல்லோரும் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். 'சரி' என்றால் ஒரு படிவம் வரும். கையெழுத்து போட வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும்.

"சின்ன ஆபரேஷன்தானே, போட்டுடு" என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். ஆபரேஷன் சின்னதுதான். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் வரிகள் சின்னவை இல்லை. எதற்குச் சம்மதிக்கிறோம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி, பிறகு கரு தங்கினால் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தப் படிவத்தை வரிவரியாகப் பார்க்கலாம்.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது?

நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் பயன்படுவது மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த ஒரே மாதிரிப் படிவம். இதற்குப் பின்னால் இரண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதலாவது ரமாகாந்த் ராய் வழக்கு. கருத்தடை முகாம்களில் பெண்கள் நடத்தப்படும் விதத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட அந்த வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு ஒன்றைப் போட்டது. ஒரே மாதிரியான சம்மதப் படிவம், ஆபரேஷனுக்கு முன் டாக்டர் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், பாதிக்கப்பட்டால் இழப்பீடு ஆகியவை எல்லா மாநிலங்களிலும் இருக்க வேண்டும் என்றது.

இரண்டாவது தேவிகா பிஸ்வாஸ் வழக்கு. 2012 ஜனவரி 7-ம் தேதி இரவு, பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டதாக அந்த மனு சொன்னது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே டாக்டர் ஒரே நாளில் 83 பேருக்கு ஆபரேஷன் செய்த முகாமுக்குப் பிறகு பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். 2016 செப்டம்பர் 14-ம் தேதி வந்த தீர்ப்பு, முகாம் முறையையே மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது.

அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் இருக்கிறது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு, உடனே மேசையில் படுக்க வைக்கக் கூடாது. மனசு மாறினால் மாறட்டும் என்று சுமார் ஒரு மணி நேரமாவது யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டும். 'கையெழுத்து போட்டாச்சு, வாங்க உள்ளே' என்பது தீர்ப்புக்கு நேர் எதிரானது.

யார் கையெழுத்து? எப்போது?

ஒரு உதாரணத்துக்கு, செந்துறை பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 26. மூத்த பிள்ளைக்கு 4 வயது. இரண்டாவது பிரசவத்துக்கு அரியலூர் வந்திருக்கிறார். கணவர் துபாயில். துணைக்கு மாமியார் மட்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலும் வரும் சந்தேகம்: கணவர் கையெழுத்து இல்லாமல் செய்வார்களா? அரசின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. துணைவரின் சம்மதம் தேவையில்லை. படிவத்தில் கணவர் பெயரைக் கேட்பார்கள், அது விவரத்துக்காக. சம்மதம் அந்தப் பெண்ணுடையது. மாமியார் 'சரி' சொன்னாலும் மருமகள் தலையாட்டவில்லை என்றால் அது சம்மதம் ஆகாது. மாமியார் 'வேண்டாம்' என்று நின்றாலும் மருமகள் விரும்பினால் சட்டப்படி தடையும் இல்லை. நடைமுறையில் "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மா" என்று சொல்வது நம் ஊரில் சகஜம். பின்னால் குடும்பத்தில் சண்டை வரக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் யோசனை அது, விதி இல்லை.

தகுதிக்கு வேறு சில நிபந்தனைகள் உண்டு. திருமணமானவராக இருக்க வேண்டும். பெண்ணுக்கு வயது 22-க்கு மேல், 49-க்குள். ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும், அதற்கு ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். நம் உதாரணப் பெண்ணின் மூத்த பிள்ளைக்கு 4 வயது என்பதால் இது பிரச்சினை இல்லை.

எப்போது கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் இதைவிட முக்கியம். மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ, வற்புறுத்தியோ சம்மதம் வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் சொல்கிறது. இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணிடம் தாளை நீட்டினால் அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்து போடுவார். அதனால்தான் இந்தப் பேச்சு கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே, கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடங்க வேண்டும். சிசேரியனோடு சேர்த்துக் கருத்தடையும் செய்வதாக இருந்தால் இது இன்னும் அவசியம். வயிற்றைத் திறந்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது.

என்ன செய்யப் போகிறார்கள்?

படிவத்தில் இருப்பதைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "கருமுட்டை வர்ற ரெண்டு குழாயையும் கட்டி, நடுவுல ஒரு துண்டு வெட்டி எடுப்போம். கர்ப்பப்பையை எடுக்க மாட்டோம். மாதவிடாய் எப்பவும் போல வரும்."

பிரசவமாகி 7 நாட்களுக்குள் செய்தால் கர்ப்பப்பை இன்னும் மேலே தொப்புள் பக்கம் இருக்கும். அதனால் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டு போதும். அதைத் தவறவிட்டால் 6 வாரம் கழித்துத்தான். லேப்ராஸ்கோப்பி முறையைப் பிரசவமான உடனே செய்வதில்லை. உள்ளே அனுப்பும் முன் ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைந்தால் செய்யக் கூடாது. ரத்தசோகை அதிகம் உள்ள கிராமங்களில் இந்த ஒரு எண்ணாலேயே பலரைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். 'இவருக்குச் செய்யவில்லை, காரணம் இது' என்று எழுத படிவத்திலேயே தனிப் பகுதி இருக்கிறது.

ஆபத்து என்னென்ன?

'இந்த ஆபரேஷனில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்பது படிவத்தில் உள்ள ஒரு வரி. என்ன ஆபத்து என்பதை விளக்க வேண்டியது டாக்டரும் ஆலோசகரும்.

ஆபரேஷன் நேரத்தில் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தக்கசிவு ஏற்படலாம். அரிதாகக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ கருவி பட்டுக் காயமாகலாம். பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு உப்புசம், தையலில் ரத்தம் அல்லது சீழ், தலைசுற்றி மயக்கம் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தானே செய்யும்" என்று படுத்துக் கிடப்பதுதான் பல சிக்கல்களைப் பெரிதாக்குகிறது. சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். கூடிக்கொண்டே போனால் அது சாதாரண வலி இல்லை.

இரண்டு நாள் கழித்து லேசான வீட்டு வேலை பார்க்கலாம். பருத்தி எடுக்கப் போவது, சோள மூட்டை தூக்குவது எல்லாம் இரண்டு வாரம் கழித்துத்தான். 7-ம் நாள் தையல் பிரிக்க வர வேண்டும்.

'நிரந்தரம்' என்றால் என்ன? 'தோல்வி' என்றால் என்ன?

படிவத்தில் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும் இரண்டு விஷயங்கள் ஒரே வரியில் வரும். இது நிரந்தரமானது. ஆனாலும் தோல்வியடைய வாய்ப்பு இருக்கிறது. இரண்டுமே உண்மை.

நிரந்தரம் என்பது, வேண்டும்போது அவிழ்த்துக்கொள்ள முடியாது என்ற அர்த்தத்தில். குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே கு.க. செய்தவர்கள். அவர்களுக்குக் குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷனைத் தமிழக அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. செய்துகொண்ட எல்லோருக்கும் கரு தங்கிவிடவில்லை. 'பிறகு பார்த்துக்கலாம்' என்ற எண்ணம் இருந்தால் இந்தத் தாளில் கையெழுத்து போடாமல் இருப்பதே நல்லது.

தோல்வி என்பது வேறு. சரியாகச் செய்த ஆபரேஷனிலும் 1,000 பெண்களில் 5 பேர் வரை முதல் ஆண்டிலேயே கருத்தரிக்கலாம். வெட்டிய குழாய் தானாகச் சேர்ந்துகொள்வது உண்டு. அப்படித் தங்கும் கரு, மூன்றில் ஒன்று என்ற அளவுக்குக் கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயிலேயே வளர்கிறது. அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. எனவே கு.க. செய்த பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்து, மயக்கமும் வந்தால் அது அவசரம். 'நமக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே' என்று கர்ப்பத்தைச் சந்தேகிக்காமல் விட்டுவிடக் கூடாது.

அந்த 'இரண்டு வாரம்' வரி

படிவத்தில் யாரும் படித்துக் காட்டாமல் போகக் கூடாத இடம் இது. மாதவிடாய் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனையில் சொல்ல வேண்டும், அங்கே கருக்கலைப்பு இலவசம் என்று அதில் இருக்கிறது. கூடவே, ஆபரேஷன் தோற்றால் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் தரும் தொகையையே முழுத் தீர்வாக ஏற்பேன், அதற்கு மேல் நீதிமன்றத்தில் கேட்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொள்ள வைக்கிறது. தோல்விக்கு டாக்டரையோ மருத்துவமனையையோ பொறுப்பாக்க மாட்டேன் என்ற வரியும் உண்டு.

இப்படி எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? முழுசா இல்லை. 2005-ல் பஞ்சாப் அரசு எதிர் சிவ்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபரேஷன் தோற்றது என்பதற்காக மட்டும் டாக்டர் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது என்றது. கர்ப்பம் தெரிந்த பிறகும் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால் வளர்ப்புச் செலவைக் கேட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் 2000-ல் ஹரியானா அரசு எதிர் சாந்த்ரா வழக்கில் கதை வேறு. அங்கே வலதுபக்கக் குழாயை மட்டும் கட்டி, இடதுபக்கத்தைத் தொடாமலேயே விட்டிருந்தார்கள். அது தோல்வி இல்லை, கவனக்குறைவு. இழப்பீடு கொடுக்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சுருக்கமாக, இயல்பான தோல்விக்குப் படிவம் பேசும். தப்பாகச் செய்ததற்கு அது கேடயம் ஆகாது.

காப்பீட்டுத் தொகைகள் தேவிகா பிஸ்வாஸ் தீர்ப்புக்குப் பிறகு இரட்டிப்பாயின. ஆபரேஷனின்போதோ வீடு திரும்பிய 7 நாட்களுக்குள்ளோ மரணம் என்றால் ரூ.4 லட்சம். 8 முதல் 30 நாட்களுக்குள் என்றால் ரூ.1 லட்சம். ஆபரேஷன் தோற்றால் ரூ.60 ஆயிரம். சிக்கல்களுக்கான சிகிச்சைக்கு ரூ.50 ஆயிரம் வரை. தெரியவந்த 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு ஆபரேஷன் செய்ததற்கான சான்றிதழ் கையில் இருப்பது அவசியம். பெண்களுக்கு அது ஒரு மாதம் கழித்தோ, முதல் மாதவிடாய் வந்த பிறகோ தரப்படும். பலர் வீட்டுக்குப் போனதோடு அதை மறந்துவிடுகிறார்கள்.

வேறு வழி இல்லையா?

'மற்ற கருத்தடை முறைகள் இருப்பது எனக்குத் தெரியும்' என்றும் படிவம் கையெழுத்து வாங்குகிறது. தெரியாமல் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து போடுவது பொய்ச் சாட்சி மாதிரிதான்.

காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் அதே வார்டில் வைக்கலாம். '380ஏ' வகை 10 ஆண்டு வரை வேலை செய்யும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். நம் உதாரணப் பெண்ணுக்கு 'இன்னொரு பிள்ளை வேணுமா வேண்டாமான்னு தெரியல' என்ற நிலை இருந்தால் இதுதான் பொருத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று சாப்பிடும் 'சாயா' மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இன்னொரு வழி வீட்டுக்காரர். ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை உண்மையிலேயே சின்ன ஆபரேஷன். வயிற்றைத் திறப்பதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக 10, 15 நிமிடத்தில் முடியும், தையல் கிடையாது. தோல்வியும் பெண்களுக்கான ஆபரேஷனைவிடக் குறைவு. ஒரே நிபந்தனை, அது உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகுதான் நம்பலாம். 'பலம் போயிடும்' என்ற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. இத்தனை இருந்தும் பெரும்பாலும் பெண்ணிடம் மட்டுமே படிவம் நீட்டப்படுகிறது. கணவர் துபாயில் இருந்தாலும், அடுத்த லீவில் வரும்போது அவர் செய்துகொள்ளட்டும், அதுவரை காப்பர்-டி என்பதும் ஒரு நியாயமான திட்டம்தான்.

கையெழுத்துக்குப் பிறகும் மறுக்கலாமா?

மறுக்கலாம். ஆபரேஷன் தொடங்கும் வரை எந்த நிமிடத்திலும். 'எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், அதனால் மற்ற மருத்துவச் சேவைகளுக்கான உரிமையை இழக்க மாட்டேன்' என்பது படிவத்திலேயே இருக்கும் வாசகத்தின் பொருள். மறுத்ததற்காகப் பிரசவ சிகிச்சையிலோ, குழந்தைக்கான தடுப்பூசியிலோ, டிஸ்சார்ஜிலோ எதையும் நிறுத்தி வைக்க முடியாது. காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "எனக்கு இப்போ வேணாம், யோசிச்சு சொல்றேன்" போதும்.

சம்மதித்ததைத் தாண்டி டாக்டர் செய்யலாமா என்பதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1995-ல் டெல்லியில் சமீரா கோலி என்ற 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குக் கையெழுத்து போட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம், இது அனுமதியில்லாத செயல் என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவர் கண்விழிக்கும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, சுயநினைவு திரும்பக்கூடிய பெரியவருக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க முடியாது என்பது தீர்ப்பு. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது என்றும், ரூ.25 ஆயிரம் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவானது. நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம், என்ன பலன், என்ன ஆபத்து, வேறு என்ன வழி, மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும் என்ற வரையறையும் இந்தத் தீர்ப்பில்தான் வந்தது. குடலிறக்கம், மூலம், கட்டி எடுப்பது என்று எந்த ஆபரேஷனுக்கும் அது பொருந்தும்.

படிவம் கைக்கு வந்தால் செய்ய வேண்டியது

தமிழில் இல்லை என்றால் தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள், சத்தமாக முழுசும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பதாக இருந்தால் ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும், அந்த நபர் படிக்கத் தெரிந்த உங்கள் ஆளாக இருப்பது நல்லது. வெற்றிடம் விட்ட தாளில் கையெழுத்து போடாதீர்கள். உங்கள் கையெழுத்தோடு, விளக்கிச் சொன்ன ஆலோசகரும் டாக்டரும் கையெழுத்து போட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்கும்போது அது உதவும்.

சந்தேகம் இருந்தால் மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். இழப்பீட்டு விண்ணப்பத்தை ஆபரேஷன் நடந்த மருத்துவமனை மூலமாகவோ மாவட்டக் குடும்ப நல அலுவலகத்திலோ கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் சான்றிதழ், கர்ப்பம் என்றால் ஸ்கேன் அறிக்கை இவற்றின் நகல்களைச் சேர்த்து, கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 90 நாள் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.